வெட்டியெடுத்த உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தைய பத்து நாள், வேலூர்ப் பக்கம் பிளெக்ஸ் டிசைன் செய்கிறவர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. வரும் படங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வெள்ளையடித்த சுவர் முன்னால் உச்சி வெயிலில் நின்று, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு, செல்போனில் எடுத்த படம். பேனரின் பின்னணியோ குங்குமச் சிவப்பு. ஆளை வெட்டி அதன்மேல் வைத்ததும் தோளைச் சுற்றி, காதைச் சுற்றி, தலைமுடியைச் சுற்றி ஒரு வெளிச்சக் கோடு எழுந்துவிடும்.

இந்தப் பருவத்தில் அப்படி ஒரு பேனர் மாட்டிய பிறகு வாடிக்கையாளர் போன் செய்து சொன்னது இது: "இன்னாண்ணா, அண்ணன் தோள்மேல சுண்ணாம்புல கோடு போட்ட மாதிரி இருக்குது." அவர் சொன்னது சரி. திரையில் எனக்குத் தெரியாதது சாலையிலிருந்து அவருக்குத் தெரிந்தது. அந்த ஒரு படத்தை வைத்தே முழு வழிமுறையையும் எழுதுகிறேன், ஏனென்றால் வரக்கூடிய கோளாறுகள் எல்லாமே அதில் இருந்தன.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஓரத்துக்கு வைத்தியம் இரண்டுதான். ஒன்று, ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டுவது. இன்னொன்று, ஓரத்தை அப்படியே விட்டு அதன் நிறத்தை மாற்றுவது. தோள், கை, வேட்டி போன்ற கெட்டியான ஓரத்துக்கு முதலாவது. முடிக்கு இரண்டாவது. இரண்டையும் ஒரே அமைப்பில் முழு உருவத்துக்கும் போடுவதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

## எதையும் தொடுவதற்கு முன் செய்யும் சோதனை

போட்டோஷாப்பில் உருவ லேயருக்குக் கீழே `Layer > New Fill Layer > Solid Color` கொடுத்து மூன்று நிற லேயர்கள் வையுங்கள். ஒன்று கறுப்பு, ஒன்று நடுத்தரச் சாம்பல், மூன்றாவது பேனரில் வரப்போகும் அதே சிவப்பு. லேயர் பலகையில் ஒவ்வொன்றின் கண் அடையாளத்தையும் திறந்து மூடிப் பாருங்கள். வெள்ளை அல்லது கட்டம் போட்ட பின்னணியில் பார்த்துத் திருப்திப்படுவதுதான் முதல் தவறு. அதில் வெள்ளைக் கோடு தெரியவே தெரியாது.

பிறகு `Ctrl+1` அழுத்தி 100 சதவீதத்தில் பாருங்கள். 33, 67 போன்ற அளவுகளில் போட்டோஷாப் திரைக்காகப் படத்தைச் சுருக்கிக் காட்டுவதால், இல்லாத கோடு தெரிவதும் உண்டு, இருக்கும் கோடு மறைவதும் உண்டு.

கடைசியாக, மாஸ்க் சிறுபடத்தை `Shift` பிடித்துக் கிளிக் செய்தால் மாஸ்க் அணைந்து சுவரோடு கூடிய பழைய படம் தெரியும். `Alt` பிடித்துக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இந்த இரண்டு பார்வையும் கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் தேவை. கோடு பழைய படத்திலேயே இருக்கிறதா, மாஸ்க்கால் வந்ததா என்பதை இவைதான் சொல்லும்.

## அறிகுறி 1: தோள், கை, சட்டை ஓரம் முழுக்க ஒரே தடிமனில் மெல்லிய வெள்ளைக் கோடு

எளிய காரணத்திலிருந்து போவோம்.

லேயர் ஸ்டைல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பழைய பேனர் கோப்பைத் திறந்து ஆளை மட்டும் மாற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பழைய லேயரில் இருந்த `Stroke` அல்லது `Outer Glow` புதிய ஆளுக்கும் வந்துவிடும். லேயர் பெயருக்கு வலப்பக்கம் `fx` என்று இருந்தால் அதன் கண்ணை மூடிப் பாருங்கள். கோடு போய்விட்டால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் அரை மணி நேரம் மாஸ்க்கைச் சுரண்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஃபெதர் மிச்சமிருக்கிறதா? லாசோ கருவியின் மேல்பட்டையில் `Feather` பெட்டி உண்டு. எப்போதோ 3 என்று போட்டது அப்படியே நிற்கும். அந்த நிலையில் வெட்டினால் ஓரம் பஞ்சுபோல் அகலமாகி, சுவரின் வெள்ளையையும் சேர்த்துக்கொண்டு வரும். மாஸ்க்கை `Alt` கிளிக் செய்து தோள் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் ஒன்றிரண்டு பிக்சல் இருந்தால் சரி. ஐந்தாறு பிக்சல் இருந்தால் இதுதான் காரணம். `Properties` பலகையில் மாஸ்க்குக்கென்று தனியாக ஒரு `Feather` இருக்கிறது. அதுவும் பூஜ்யத்தில்தானா என்று பாருங்கள்.

சரிசெய்ய, மாஸ்க்கைத் தேர்ந்துகொண்டு `Ctrl+L` அழுத்தி, இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமாக நகர்த்துங்கள். 0-லிருந்து 100, 120 வரை கொண்டுபோகும்போதே சாம்பல் பட்டையின் வெளிப்பாதி கறுப்பாகி ஓரம் உள்ளே வருவது தெரியும். வலப்பக்க வெள்ளை முக்கோணத்தை இழுத்துவிடாதீர்கள். அது ஓரத்தை வெளியே தள்ளும், கோடு இன்னும் தடிக்கும்.

மாஸ்க் ஒரு பிக்சல் வெளியே நிற்கிறதா? சாம்பல் பட்டை குறுகலாக இருந்தும் கோடு தெரிகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். கேமராவில் எந்த ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் பதிவாவதில்லை. சட்டைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பிக்சல் அளவுக்கு இரண்டு நிறமும் கலந்த ஒரு பட்டை இருக்கும். மாஸ்க் அந்தப் பட்டையின் வெளி விளிம்பில் நின்றால் சுவர் கலந்த பிக்சல்களும் ஆளோடு வந்துவிடும்.

மாஸ்க் தேர்வில் இருக்க, `Filter > Other > Minimum` போங்கள். `Radius` 1 பிக்சல், `Preserve` என்ற இடத்தில் `Roundness`. வெள்ளைப் பகுதி ஒரு பிக்சல் சுருங்கும். ஒன்று அதிகம் என்று தோன்றினால் 0.5 கூடக் கொடுக்கலாம். ஆனால் இதை மாஸ்க் முழுவதற்கும் கொடுக்காதீர்கள். முதலில் லாசோவால் தலைமுடி தவிர மற்ற இடத்தைத் தேர்ந்துகொண்டு பிறகு கொடுங்கள். மாஸ்க்கைச் சுருக்கினால் முடி இழைகள் முதலில் சாகும்.

ஓரப் பிக்சலின் நிறமே சுவர் நிறமாக இருக்கிறதா? ஒரு பிக்சல் சுருக்கியும் கோடு விடவில்லை, இன்னும் சுருக்கினால் விரல்கள் மெலிகின்றன என்றால் இனி நிறத்தைத்தான் மாற்ற வேண்டும். லேயரை `Ctrl+J` கொண்டு நகல் எடுங்கள். நகலின் மாஸ்க்கில் வலது கிளிக் செய்து `Apply Layer Mask` கொடுங்கள். மாஸ்க் இருக்கும்வரை அடுத்த கட்டளை மங்கலாகவே நிற்கும், அதனால்தான் இந்தப் படி. பிறகு `Layer > Matting > Defringe` போய் 1 பிக்சல் கொடுங்கள். ஓரப் பிக்சல்களின் நிறத்தை எடுத்துவிட்டு, உள்ளே பக்கத்தில் இருக்கும் நிறத்தை அந்த இடத்தில் வைக்கும்.

ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள். அகலம் கூடினால் உள்நிறம் இழுபட்டுப் பூசியதுபோல் ஆகிவிடும். ஆரணிப் பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை ஓரமாக வரும் படத்தில் இதை 4 என்று கொடுத்துப் பாருங்கள், ஜரிகை கோலப்பொடி சிந்தியதுபோல் வெளியே ஓடும்.

அதே பட்டியலில் `Remove White Matte` என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து வெள்ளைச் சுவர்ப் படத்துக்கு இதைத்தான் முதலில் அழுத்துவார்கள். கலந்தது தூய வெள்ளை, அதாவது 255, என்று வைத்துக்கொண்டு அதைக் கழிப்பதுதான் அதன் வேலை. கணினியில் வெள்ளைப் பின்னணியில் செய்த லோகோவுக்கு அருமையாக வேலை செய்யும். நம் ஊர்ச் சுவர் அப்படியில்லை. வெயில் படும் இடத்தில் 240, நிழலில் 190, கொஞ்சம் மஞ்சளும் சேர்ந்திருக்கும். இல்லாத வெள்ளையைக் கழித்தால் ஓரம் கறுத்து, ரம்பப் பல்லாகத் தெரியும். வெள்ளைக் கோடு கறுப்புக் கோடாக மாறுவது சரியானதாகாது.

எதுவும் கேட்கவில்லை என்றால் கெட்டியான ஓரத்தை மட்டும் பென் டூலால் மறுபடி வரையுங்கள். கலப்புப் பட்டைக்கு வெளியே அல்ல, கண்ணுக்குத் தெரியும் ஓரத்திலிருந்து ஒரு பிக்சல் உள்ளே கோடு போக வேண்டும். `Ctrl+Enter` அழுத்தினால் பாதை தேர்வாகும். தோளிலிருந்து செருப்பு வரை பழகிய கைக்குப் பதினைந்து நிமிடம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ பட்டியல் வேலை செய்கிறவர்கள் முதலிலிருந்தே பென் டூல்தான் எடுப்பார்கள். தோலின் ஓரம் அவ்வளவு தெளிவானது, அதற்கு வேறு வழி தேடுவதே நேர விரயம்.

## அறிகுறி 2: தோள் சுத்தம், தலைமுடியைச் சுற்றி மட்டும் வெண்புகை

இதுதான் கடினமானது, பொறுமை இங்கேதான் வேண்டும். ஒரு முடி இழை பல சமயம் ஒரு பிக்சலைவிட மெல்லியது. அதனால் அந்தப் பிக்சலில் பாதி முடியும் பாதி சுவருமாகத்தான் இருக்கும். சுவரை மட்டும் வெட்டியெறிய முடியாது. முடியின் வடிவத்தை மாஸ்க்கில் வைத்துக்கொண்டு, நிறத்தை மேலிருந்து பூசுவதுதான் வழி.

முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். `Alt` கிளிக்கில் தலையைச் சுற்றி இழைகள் வெள்ளைக் கீற்றாகவும், நடுவே கறுப்பாகவும் தெரிந்தால் மாஸ்க் நல்லது. இழைகளுக்கு நடுவே சாம்பல் மூட்டமாக இருந்தால் மாஸ்க்கே சுவரையும் உள்ளே விட்டிருக்கிறது.

மூட்டம் இருந்தால், பிரஷ் எடுத்து, நிறம் கறுப்பு, மேல்பட்டையில் `Mode` என்பதை `Overlay` ஆக்குங்கள், `Opacity` 20 அளவில் வையுங்கள். மாஸ்க்கின்மேல் மூட்டமுள்ள இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். இந்த நிலையில் பிரஷ் முழு வெள்ளையைத் தொடாது, முழுக் கறுப்பையும் தொடாது, நடுச் சாம்பலை மட்டும் கறுப்பை நோக்கித் தள்ளும். இழைகள் நிற்கும், நடுவிலிருக்கும் மூட்டம் கலையும். மெல்லிய இழை மங்கினால் அதே பிரஷ்ஷை வெள்ளையாக்கி அந்த இழைமேல் மட்டும் ஒரு முறை ஓட்டினால் திரும்பி வரும்.

முடி ஓரமே வெட்டுப்பட்டு, தொப்பி போட்டதுபோல் மாஸ்க் இருந்தால் `Select and Mask` உள்ளே போய், `Refine Edge Brush` கொண்டு முடிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள எல்லையை மட்டும் வருடுங்கள். பார்வையை `A` அழுத்திக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிக்கொண்டால் புகை உடனே தெரியும். `Shift Edge` பக்கம் போகாதீர்கள், அது முடியையும் தோளையும் சேர்த்தே நகர்த்தும்.

அங்கேயே கீழே `Decontaminate Colors` இருக்கிறது. அவசரத்துக்கு நல்லது. 50 அளவில் தொடங்கி, புகை மறையும் இடத்தில் நிறுத்தலாம். அது பிக்சல்களின் நிறத்தையே மாற்றுவதால் புதிய லேயராகத்தான் வெளியே தரும், பழைய லேயர் கண் மூடிக் கீழே இருக்கும், அழிக்காதீர்கள். ஆனால் பெண்கள் தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் இதை நம்பாதீர்கள். அது பக்கத்து நிறத்தை எடுத்து ஓரத்துக்குக் கொடுக்கும். பூவின் ஓரத்துக்கு முடியின் கறுப்பும், முடிக்குப் பூவின் வெள்ளையும் ஏறி, சரம் அழுக்காகிவிடும். நம் ஊர்க் கல்யாணப் படங்களில் பூ இல்லாத தலை அபூர்வம், அதனால் நான் கையால் பூசுவதையே முதல் வழியாக வைத்திருக்கிறேன்.

கையால் பூசுவது இப்படி. உருவ லேயருக்கு மேலே புதிய வெற்று லேயர். `Alt+Ctrl+G` அழுத்தினால் அது கீழ் லேயருக்குக் கட்டுப்படும். இனி அதில் எதைப் பூசினாலும் ஆளின் மாஸ்க் வடிவத்துக்குள்ளேதான் விழும், சிவப்புப் பின்னணியில் சிந்தாது. லேயரின் கலப்பு முறையை `Normal`-இலிருந்து `Darken` ஆக்குங்கள்.

இப்போது நிறம். ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து பிக்சல் உள்ளே, சுவர் வெளிச்சம் படாத இடத்தில், ஐட்ராப்பர் கொண்டு முடி நிறத்தை எடுங்கள். தூய கறுப்பை எடுக்காதீர்கள். நம் முடி படத்தில் அடர் பழுப்பாகத்தான் பதிவாகிறது, தூய கறுப்பைப் பூசினால் மை தடவியதுபோல் இருக்கும். நரைத்த தலைக்கு நரை நிறத்தையே எடுங்கள். ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி பேனரில் அவசரத்தில் கறுப்பைப் பூசி, அவர் முடிக்குச் சாயம் அடித்ததுபோல் ஆக்கிவிட்டேன். அவருடைய மகள் அதைப் பார்த்துவிட்டு "இது எங்கப்பா மாதிரியே இல்லீங்களே" என்று சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது.

மென்மையான பிரஷ், அளவு 30 பிக்சல், `Hardness` 0, `Flow` 20. முடியின் வெளி ஓரத்தில் வட்டமாக அல்ல, முடி வளரும் திசையில் வருடுங்கள். `Darken` முறையில் இருப்பதால், நீங்கள் எடுத்த நிறத்தைவிட வெளுத்த பிக்சல்கள் மட்டும் மாறும், ஏற்கெனவே கறுத்தவை அப்படியே இருக்கும். அதனால் முடியின் உள் அமைப்பு கெடாது. இரண்டு மூன்று வருடலில் வெண்புகை முடியாகவே மாறுவதைப் பார்க்கலாம். நெற்றி ஓரம், காதுமடல், மல்லிகை ஆகியவற்றுக்கு அருகில் பிரஷ்ஷைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், தோல்மேல் விழுந்தால் அழுக்குப்போலத் தெரியும்.

சிவப்புக்கு மேல் வைக்கும்போது முடி இன்னும் கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தால், இன்னொரு கட்டுப்பட்ட லேயரில் பின்னணிச் சிவப்பையே எடுத்து, `Opacity` 10, 15-க்குமேல் போகாமல், முடியின் கடைசி ஓரத்தில் ஒரு வருடல். உண்மையில் அந்த இடத்தில் நின்றிருந்தால் பின்னணி நிறம் முடியில் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

## அறிகுறி 3: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை ஓரம் பளிச்சென்று தெரிகிறது

இங்கே கோடு என்று நினைப்பது பெரும்பாலும் கோடு அல்ல, துணியே. மாஸ்க்கை அணைத்துப் பார்த்தால் தெரியும். துணியின் நடுவும் ஓரமும் ஒரே வெளுப்பில் இருந்தால் வெட்டியது சரிதான், சுருக்கச் சுருக்கக் கோடு தீராது, ஆள்தான் மெலிவார்.

குறை என்னவென்றால், வெள்ளைச் சுவரின் வெளிச்சம் பட்ட துணி சிவப்பின் நடுவே வந்து நிற்கிறது. கட்டுப்பட்ட புதிய லேயர், முறை `Multiply`, பின்னணிச் சிவப்பைக் கொஞ்சம் சாம்பலாக்கி எடுத்த நிறம், `Opacity` 15 முதல் 20. வேட்டியின் ஓரத்திலிருந்து முப்பது நாற்பது பிக்சல் உள்ளே வரை மங்கிக்கொண்டே போகும்படி பெரிய மென்மையான பிரஷ்ஷால் பூசுங்கள். ஓரம் பின்வாங்கி, துணிக்கு வளைவு கிடைக்கும். குடியாத்தம் பேனரில் தோள்மேல் தெரிந்த சுண்ணாம்புக் கோட்டில் பாதி இப்படித்தான் போனது.

## அறிகுறி 4: கோடு அகலமாக இருக்கிறது, அதற்கு உள்பக்கம் ஒரு கறுப்புக் கோடும் சேர்ந்திருக்கிறது

மாஸ்க்கை அணைத்து, சுவரோடு கூடிய பழைய படத்தைப் பாருங்கள். அங்கேயே தலையைச் சுற்றிச் சுவரைவிட வெளுத்த ஒரு வளையம் தெரிந்தால், வெட்டியவர்மேல் தப்பில்லை. செல்போன் தானாகக் கூர்மையாக்கிப் பதிவு செய்த படம், அல்லது யாரோ `Clarity`, `Sharpen` ஏற்றிவிட்டு அனுப்பிய படம்.

முதல் வைத்தியம் செலவில்லாதது. மூலப் படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோ எடுத்த படமென்றால் கூர்மையாக்காத கோப்பு அவர்களிடம் இருக்கும். வாட்ஸ்அப் சுருக்கத்தால் ஓரத்தில் வந்த பொடிப்பொடியான கறைகளும் இதோடு போய்விடும்.

மூலம் கிடைக்கவில்லையென்றால், கெட்டியான ஓரத்தில் `Minimum` 2 அல்லது 3 பிக்சல் வரை போகலாம். சட்டை தாங்கும். முடி தாங்காது. வளையத்துக்குள் மாட்டிய மெல்லிய இழைகளை விட்டுவிட்டு, மாஸ்க்கைத் தலையின் கெட்டிப் பகுதிவரை உள்ளே கொண்டுவந்து, புதிய லேயரில் 2 பிக்சல் பிரஷ்ஷால் இழைகளைப் புதிதாக வரைவதுதான் மிச்சம். ஒரு தலைக்கு அரை மணி நேரம். அந்த நேரத்துக்குக் கூலி பேசிக்கொண்டு தொடங்குங்கள்.

## அறிகுறி 5: ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்

வலது தோளிலும் வலது கன்னத்திலும் மட்டும் வெளிச்சம், இடப்பக்கம் சுத்தம் என்றால் அது வெயில். வேலூர் சித்திரை வெயிலில் பக்கவாட்டில் நின்றால் அப்படித்தான் பதிவாகும். அகலம் ஒரே சீராக இருக்காது, உள்ளே போகப் போகக் கரையும். அதை அழித்தால் ஆள் தட்டையாகிவிடுவார். விட்டுவிட்டு, பேனரில் விளக்கு, தீபம், கோபுர ஒளி எதுவானாலும் அதே பக்கத்தில் வரும்படி வையுங்கள்.

ஓரம் ஊதா அல்லது பச்சையாக இருந்தால் அது லென்ஸ் கோளாறு. வெட்டுவதற்கு முன்பே `Filter > Camera Raw Filter` திறந்து, `Optics` பகுதியில் `Defringe` முக்கோணங்களை நகர்த்தினால் போய்விடும்.

## அறிகுறி 6: சிறிய அளவில் சுத்தம், பேனரில் போட்டதும் கோடு

குடியாத்தம் பேனரில் நான் ஏமாந்த இடம் இது. வந்த படம் 1200க்கு 1600 பிக்சல். அதில் ஆளின் உயரம் சுமார் 1300 பிக்சல். பேனர் 10க்கு 8 அடி, கோப்பு அங்குலத்துக்கு 72 பிக்சல் தீர்மானத்தில். ஆள் 6 அடி உயரம் வர வேண்டும். 6 அடி என்றால் 72 அங்குலம், 72 அங்குலத்துக்கு 5184 பிக்சல். அதாவது படம் நான்கு மடங்கு பெருக்கப்படுகிறது. 1300 பிக்சலில் கண்ணில் படாத 2 பிக்சல் ஓரம், பேனரில் 8 பிக்சல். அச்சில் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். சுண்ணாம்புக் கோடு என்று அவர் சொன்னது அந்த 3 மில்லிமீட்டரைத்தான்.

ஆகவே ஓரத்தை மூல அளவிலேயே, 200 சதவீதம் பெரிதாக்கி, சிவப்பு லேயரை அடியில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் உருவ லேயரையும் கட்டுப்பட்ட லேயர்களையும் சேர்த்துத் தேர்ந்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, பிறகு பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது மேல்பட்டையில் `Interpolation` என்ற இடத்தில் `Bicubic Sharper` இருக்கக் கூடாது. அது சுருக்குவதற்கானது, பெரிதாக்கும்போது போட்டால் ஓரத்தில் தானாகவே வெளிச்சக் கோட்டை உண்டாக்கும். `Bicubic Automatic` வைத்தால் போதும்.

எல்லாம் முடிந்து ஒரே லேயராக்கிய பேனருக்கு மேல் `Unsharp Mask` போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆளுக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள எல்லையைத்தான் அது முதலில் பிடிக்கும், நீங்கள் எடுத்த கோட்டைத் திரும்ப வரைந்துவிடும். சாலையிலிருந்து பார்க்கும் பிளெக்ஸுக்கு அந்தக் கூர்மை தேவையே இல்லை.

அச்சுக்கு ஜேபெக் கேட்டால், சேமிக்கும்போது 12 வரையுள்ள தர அளவில் 10-க்குக் கீழே போகாதீர்கள். 6-ம் அதற்குக் கீழும் நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும், அடர் சிவப்பின் ஓரத்தில்தான் அது பளிச்சென்று தெரியும்.

அந்தப் பேனரை மறுபடி செய்தபோது தோளுக்கும் கைக்கும் `Minimum` 1 பிக்சல், வேட்டிக்கு `Multiply` பூச்சு, முடிக்கு `Darken` பூச்சு, வலது கன்னத்து வெயிலைத் தொடவில்லை. மொத்தம் 40 நிமிடம் ஆனது.

## எப்போது கையை எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுப்பது

ஒரு தலைக்கு 40 நிமிடம் தாண்டியும் முடி ஓரம் நிற்கவில்லையென்றால் கோளாறு படத்தில்தான். ஆள் உள்ளூர்க்காரரானால் மறுபடி எடுப்பதே மலிவு. பக்கத்து ஸ்டுடியோவில் சொல்லுங்கள். நிழலில், நடுத்தரச் சாம்பல் அல்லது அடர்ந்த நிறத் துணி முன்னால், துணியிலிருந்து ஆள் ஐந்தாறு அடி தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் துணியின் நிறம் தோளில் ஏறும். ஸ்டுடியோக்காரர் கூர்மையாக்காமல் கோப்பைத் தரட்டும்.

மறுபடி எடுக்க வழியில்லாத படங்கள், மறைந்தவரின் ஒரே புகைப்படம்போல, கையால் முடி வரையத் தெரிந்த ரீடச்சரிடம் போக வேண்டியவை. ஷூ, பை போன்று ஐம்பது அறுபது படங்கள் ஒன்றாக வந்தால் பென் டூல் வேலையை மட்டும் செய்து தருபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எவரிடம் கொடுத்தாலும் மூலப் படம், மாஸ்க் அழிக்காத பிஎஸ்டி கோப்பு, பேனரின் பின்னணி நிறம், ஆள் எத்தனை அடி வரப்போகிறார் என்ற அளவு, இந்த நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். பின்னணி நிறம் தெரியாமல் வெள்ளைமேல் வெட்டித் தந்த படம் மறுபடி உங்கள் மேசைக்கே வரும்.